தூரத்து நண்பர்களோடு ஒரே நேரத்தில் படம் பார்ப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாங்கள் நான்கு பேர். திருச்சியில் நான், சென்னையில் ஒருவர், சிங்கப்பூரில் ஒருவர், டொராண்டோவில் ஒருவர். கல்லூரி விடுதியில் ஒரே டிவி முன்னால் உட்கார்ந்து படம் பார்த்தவர்கள். இப்போது மாதம் இரண்டு ஞாயிற்றுக்கிழமை, அவரவர் வீட்டிலிருந்தே ஒரே படத்தை ஒரே நொடியில் பார்க்கிறோம். இதைக் கேள்விப்பட்ட உறவினர்களும் அலுவலக நண்பர்களும் கேட்கிற சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றுதான். அவர்கள் கேட்டபடியே கேள்விகளை எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைக் கீழே கொடுத்திருக்கிறேன். முதல் சில கேள்விகள் எளிது. போகப் போகச் சிக்கலானவை வரும்.

வீடியோ கால் போட்டு ஸ்கிரீன் ஷேர் பண்ணா முடிஞ்சுதே, இதுக்குன்னு தனியா எதுக்கு?

ஸ்கிரீன் ஷேரில் படம் ஒருவர் கணினியில் மட்டும்தான் ஓடுகிறது. அந்தக் கணினி திரையை நொடிக்கு நொடி மறுபடி சுருக்கி, அவருடைய இணைய இணைப்பின் அப்லோட் வழியாக மற்றவர்களுக்கு அனுப்புகிறது. அவர் வீட்டு இணைப்பு திணறினால் எல்லோர் திரையிலும் கட்டம் கட்டமாக உடையும். இருட்டுக் காட்சிகள் சேறு மாதிரித் தெரியும். பேச்சுக்காகச் செய்யப்பட்ட ஒலிக் குறைப்பு வேலை பார்த்து, பின்னணி இசையைச் சத்தம் என்று நினைத்து வெட்டிவிடுவதும் உண்டு.

வாட்ச் பார்ட்டி என்பது வேறு வழி. படம் ஒவ்வொருவர் கருவியிலும் தனித்தனியாக, முழுத் தரத்தில் ஓடும். இணையத்தில் போவது "இப்போது 41-ஆவது நிமிடம் 12-ஆவது நொடி, ஓடிக்கொண்டிருக்கிறது" என்கிற தகவல் மட்டும். ஒருவர் நிறுத்தினால் எல்லோருக்கும் நிற்கும். ஒருவர் பின்னால் தள்ளினால் எல்லோரும் பின்னால் போவார்கள்.

நெட்ஃபிளிக்ஸை ஷேர் பண்ணா அவங்களுக்குக் கறுப்பாத்தான் தெரியுது. என் லேப்டாப்புல கோளாறா?

லேப்டாப்பில் கோளாறு எதுவும் இல்லை. கட்டணச் சேவைகள் படத்தைப் பூட்டி அனுப்புகின்றன. பூட்டுத் திறந்த படம் திரையில் தெரியுமே தவிர, வேறு மென்பொருள் அதைப் படம்பிடிக்க முடியாதபடி தடுக்கப்பட்டிருக்கும். அதனால்தான் உங்களுக்குப் படமும் அவர்களுக்குக் கறுப்பும். இதைச் சுற்றிப் போகிற குறுக்குவழிகளை நான் சொல்லித் தருவதில்லை. அது அந்தச் சேவையின் விதிக்கு எதிரானது.

நேரான வழி, டெலிபார்ட்டி மாதிரியான பிரவுசர் நீட்சி. முன்பு நெட்ஃபிளிக்ஸ் பார்ட்டி என்று பெயர் இருந்தது. ஒருவர் படத்தைத் திறந்து இணைப்பை அனுப்புவார், மற்றவர்கள் அவரவர் கணக்கில் அதே படத்தைத் திறப்பார்கள், நீட்சி எல்லோரையும் ஒரே நொடியில் வைக்கும். ஒவ்வொருவருக்கும் தனிச் சந்தா வேண்டும். அந்தப் படம் அவரவர் நாட்டில் கிடைக்கவும் வேண்டும். இந்த இரண்டாவது நிபந்தனையில்தான் எங்கள் டொராண்டோ நண்பர் அடிக்கடி மாட்டிக்கொள்வார்.

நீங்க எதைப் பயன்படுத்தறீங்க? ஏன்?

சிங்க்பிளே. இலவசம், திறந்த மூலம். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். அது தானாகப் படம் ஓட்டாது. உங்கள் கணினியில் இருக்கிற விஎல்சி அல்லது எம்பிவி பிளேயரை அது கையில் பிடித்துக்கொள்ளும். படத்தின் ஃபைல் ஒவ்வொருவர் கணினியிலும் முன்கூட்டியே இருக்க வேண்டும்.

சேவைகளே தருகிற வசதிகளை நம்பி நாங்கள் பழக்கத்தை அமைத்துக்கொள்ளவில்லை. டிஸ்னி பிளஸ் 2020-ல் குரூப்வாட்ச் என்று கொண்டுவந்து 2023-ல் எடுத்துவிட்டது. சிங்க்பிளேயில் அந்தக் கவலை இல்லை. பொது சர்வர் ஒருநாள் நின்றாலும் நாமே ஒன்றை ஓட்டிக்கொள்ளலாம். இனிமேல் வருகிற பதில்கள் எல்லாம் சிங்க்பிளேயை வைத்துத்தான்.

முதல் தடவை எப்படி செட் பண்றது? எனக்கு கம்ப்யூட்டர் அவ்வளவா வராது.

எம்பிவியோ விஎல்சியோ முதலில் நிறுவுங்கள், அப்புறம் சிங்க்பிளே. அதைத் திறந்தால் ஒரு சின்ன படிவம் வரும். சர்வர் முகவரியில் `syncplay.pl:8999` என்று இருக்கட்டும். இதே பொது சர்வருக்கு 8995 முதல் 8999 வரை ஐந்து வாசல்கள் உண்டு, எல்லோரும் ஒரே எண்ணைப் போட வேண்டும். பெயரில் உங்கள் பெயர். அறைப் பெயரில் நீங்கள் நால்வரும் பேசிவைத்த ஒரு சொல். பொது இடம் என்பதால் `movie` மாதிரி யாரும் போடக்கூடிய சொல் வேண்டாம். கடைசியாக, பிளேயர் இருக்கிற இடத்தைக் காட்டிவிட்டு உள்ளே போங்கள்.

உள்ளே போனதும் படத்தைத் திறங்கள். வலது பக்கத்தில் யார் யார் வந்திருக்கிறார்கள், எந்த ஃபைலைத் திறந்திருக்கிறார்கள் என்று தெரியும். `I'm ready to watch!` என்கிற பொத்தானை எல்லோரும் அழுத்திய பிறகு ஓட்டுங்கள். எங்கள் குழுவில் முதல் தடவை அமைக்க இருபது நிமிடம் ஆனது, அதில் பாதி அறைப் பெயரில் இருந்த எழுத்துப் பிழையைத் தேடியதில் போயிற்று. தனியாக உட்கார்ந்திருப்பது போல் தெரிந்தால் முதலில் அறைப் பெயரையும் சர்வர் எண்ணையும் பாருங்கள்.

ஃபைல் எல்லாருக்கும் எப்படிக் கிடைக்கும்? திருட்டு டவுன்லோட் பண்ணணுமா?

வேண்டாம். நாங்கள் பார்ப்பது பெரும்பாலும் பதிப்புரிமைக் காலம் முடிந்த பழைய படங்கள். இணைய ஆவணக் காப்பகமான `archive.org` தளத்தில் நிறைய இருக்கின்றன. பூட்டு இல்லாமல் ஃபைலாகவே விற்கிற படங்களை ஆளுக்கொன்று வாங்குவதும் உண்டு. அப்புறம் நம் சொந்த வீடியோக்கள். சிங்கப்பூர் நண்பரின் கல்யாண வீடியோவை நால்வரும் இப்படித்தான் பார்த்தோம்.

எல்லோரும் ஒரே இணைப்பிலிருந்து, ஒரே ஃபைலை இறக்க வேண்டும் என்பது ஒன்றுதான் முக்கியம். "அதே படம்தான், என்னிடம் ஏற்கெனவே இருக்கிறது" என்று ஒருவர் சொன்னால் அங்கேதான் பிரச்சினை தொடங்கும். ஏன் என்று பின்னால் விரிவாகச் சொல்கிறேன்.

எங்க ஊர்ல நெட் ரொம்ப ஸ்லோ. என்னால கலந்துக்க முடியுமா?

தாராளமாக. படம் ஓடும்போது இணையத்தில் போவது ஓடும் இடம், நின்றதா ஓடுகிறதா என்கிற சின்ன செய்திகள் மட்டும். பேச்சுக்கு ஒரு ஆடியோ கால் ஓடினால் போதும்.

பாரம் எல்லாம் முந்தின நாள் டவுன்லோடில்தான். நொடிக்கு 4 மெகாபிட் அளவில் சுருக்கிய 100 நிமிடப் படம் சுமார் 3 ஜிபி வரும். அதை இரவில் போட்டுவிட்டுத் தூங்கலாம். மெதுவான இணைப்பு உள்ளவருக்கு ஸ்கிரீன் ஷேரைவிட இது எத்தனையோ மேல்.

படம் சில சமயம் லேசா மெதுவா ஓடற மாதிரி இருக்கு, சில சமயம் படக்குன்னு பின்னாடி போகுது. இது என்ன?

அது கோளாறு இல்லை, சிங்க்பிளே உங்களை வரிசையில் நிறுத்துகிறது. நீங்கள் மற்றவர்களைவிட ஒன்றரை நொடிக்கு மேல் முன்னால் போய்விட்டால் உங்கள் பிளேயரின் வேகத்தை 95 சதவீதமாகக் குறைக்கும். அந்த வேகத்தில் ஒன்றரை நொடி வித்தியாசம் மறைய அரை நிமிடம் ஆகும். கூர்ந்து கேட்டால் இசையில் மட்டும் தெரியும். நான்கு நொடிக்கு மேல் முன்னால் போனால் காத்திருக்காமல் நேராகப் பின்னால் இழுத்துவிடும். முன்னிருப்பாக உள்ள அளவுகள் இவை.

எப்போதாவது ஒரு முறை நடந்தால் விட்டுவிடுங்கள். திரும்பத் திரும்ப நடந்தால் யாரோ ஒருவருடைய கணினி படத்தை ஓட்டத் திணறுகிறது என்று அர்த்தம். பின்னால் இழுக்கப்படுகிறவர் மேல் தப்பு இருக்காது. பின்தங்குகிறவர் கணினியில்தான் பிரச்சினை. எங்களில் ஒருவருடைய பழைய லேப்டாப் 4கே ஃபைலை ஓட்ட முடியாமல் விட்டு விட்டு ஓடியது. மற்ற மூவரும் ஒவ்வொரு ஐந்து நிமிடத்துக்கும் பின்னால் இழுபட்டார்கள். எல்லோரும் 1080 அளவு ஃபைலுக்கு மாறியதும் நின்றுவிட்டது.

பேசிக்கிட்டே பார்த்தா எக்கோ வருது. அப்புறம் கால் போட்டதும் படத்தோட சத்தம் குறைஞ்சுடுது.

எக்கோவுக்கு ஒரே மருந்து ஹெட்போன். நால்வரும் போட வேண்டும். ஒருவர் ஸ்பீக்கரில் கேட்டாலும் அவருடைய மைக் வழியாக மற்ற மூவருக்கும் படம் இரண்டு முறை கேட்கும். எக்கோவை உண்டாக்குகிறவருக்கு மட்டும் அது கேட்காது. அதனால் "எனக்கு ஒண்ணும் இல்லையே" என்று சொல்கிறவரை முதலில் சந்தேகப்படுங்கள்.

சத்தம் குறைவது விண்டோஸின் ஒரு பழக்கம். கால் ஓடுவதை உணர்ந்ததும் மற்ற ஒலிகளை 80 சதவீதம் குறைக்கும்படி முன்கூட்டியே அமைத்திருக்கிறார்கள். விண்டோஸ் விசையோடு R அழுத்தி இதை ஓட்டுங்கள்:

```
mmsys.cpl
```

திறக்கிற சாளரத்தில் `Communications` பக்கத்துக்குப் போய் `Do nothing` என்பதைத் தேர்ந்தெடுங்கள். நான் இன்னும் எளிதாகச் செய்துகொள்கிறேன்: கால் போனில், படம் கணினியில்.

யாராவது ஒருத்தர் தெரியாம கீபோர்டைத் தொட்டா எல்லாருக்கும் படம் நிக்குதே, அதைத் தடுக்க முடியாதா?

முடியும். மேலாளர் உள்ள அறை என்று ஒரு வகை இருக்கிறது. மெனுவில் `Create managed room` கொடுத்தால் கூட்டல் குறியோடு தொடங்குகிற ஒரு நீளமான அறைப் பெயரும் கடவுச்சொல்லும் வரும். கடவுச்சொல் உள்ளவர் மட்டும்தான் ஓட்டவும் நிறுத்தவும் முடியும். குழந்தைகள் உள்ள வீடுகளுக்கும், பத்துப் பேருக்கு மேல் கூடுகிற நாளுக்கும் இது வேண்டும்.

நான்கைந்து பேர் என்றால் எனக்கு இது பிடிக்காது. யார் வேண்டுமானாலும் நிறுத்தி "ஒரு நிமிஷம், இந்த சீனைப் பேசணும்" என்று சொல்ல முடிவதால்தான் நாங்கள் சேர்ந்து பார்க்கிறோம்.

நான் போன்லயோ டிவியிலயோ பார்க்கலாமா?

அதிகாரப்பூர்வமான சிங்க்பிளே கணினிக்கு மட்டும்தான். டிவியில் பார்க்க லேப்டாப்பை எச்டிஎம்ஐ கேபிளில் இணையுங்கள். கம்பியில்லாமல் டிவிக்கு அனுப்புகிற வசதிகளைத் தவிர்த்துவிடுங்கள், அவற்றில் படம் ஓரிரு நொடி தாமதமாகத்தான் டிவிக்குப் போய்ச் சேரும். அந்தத் தாமதம் சிங்க்பிளேவுக்குத் தெரியாது.

சப்டைட்டில் ஒருத்தருக்கு வேணும், ஒருத்தருக்கு வேண்டாம். என்ன பண்றது?

அவரவர் விருப்பம்தான். பிளேயர் அவரவர் கையில் இருப்பதால் சப்டைட்டில், எழுத்தின் அளவு, ஒலியின் மொழி எதுவுமே மற்றவர்களைப் பாதிக்காது. எம்பிவியில் `j` அழுத்தினால் சப்டைட்டில் மாறும். வசனத்துக்கு முன்னதாகவோ பின்னதாகவோ வந்தால் `z`, `x` விசைகளால் நகர்த்தலாம். தொடக்கத்தில் சரியாக இருந்து, முடிவில் நிமிடக் கணக்கில் தள்ளிப் போகிறதென்றால் நகர்த்திப் பயனில்லை. அந்த சப்டைட்டில் வேறு வேகத்தில் ஓடுகிற ஒரு ஃபைலுக்காகச் செய்தது. அது என்ன வேகம் என்பதற்கு அடுத்ததற்கு அடுத்த கேள்வியைப் பாருங்கள்.

நான் என்ன படம் பார்க்கறேன்னு சர்வர் நடத்தறவங்களுக்குத் தெரியுமா?

ஃபைலின் பெயர், அளவு, நீளம் மூன்றும் சர்வர் வழியாக அறையில் உள்ளவர்களுக்குப் போகும். படத்தின் உள்ளடக்கம் போகாது. பெயரும் தெரிய வேண்டாம் என்றால் அமைப்புகளில் பெயரை `Send hashed` அல்லது `Don't send` என்று மாற்றலாம். முதலாவதை வைத்துக்கொள்ளுங்கள். அதில் பெயர் அடையாளம் தெரியாமல் உருமாறிப் போகும், ஆனால் நால்வர் ஃபைலும் ஒன்றா என்று ஒப்பிட முடியும்.

எல்லாம் சிங்க்ல இருக்குன்னுதான் காட்டுது. ஆனா அவன் எனக்கு முன்னாடியே சிரிக்கிறான், போகப் போக இன்னும் முன்னாடி போறான். எப்படி?

எனக்கு வந்ததிலேயே நல்ல கேள்வி இது. எங்களுக்கே நடந்தது. ஒரு பழைய ஐரோப்பியப் படம், காப்பகத்தில் இரண்டு பதிவேற்றங்கள் இருந்தன. மூவர் ஒன்றை இறக்கினோம், டொராண்டோ நண்பர் மற்றதை. எங்கள் ஃபைல் சரியாக 2 மணி நேரம். அவருடையது 1 மணி 55 நிமிடம் 12 நொடி. நீளம் வேறு என்று சிங்க்பிளே எச்சரித்தது. கடைசிப் பெயர்ப் பட்டியலை வெட்டியிருப்பார்கள் என்று நினைத்து நாங்கள் அதைக் கண்டுகொள்ளவில்லை.

காரணம் பெயர்ப் பட்டியல் இல்லை. சினிமா நொடிக்கு 24 பிரேம், அதாவது 24 தனித்தனி நிழற்படங்கள். ஐரோப்பியத் தொலைக்காட்சியும் அங்கே விற்ற டிவிடியும் நொடிக்கு 25. அதனால் அங்கே படத்தை அப்படியே நொடிக்கு 25 பிரேம் வேகத்தில் ஓட்டிவிடுவார்கள். ஒரு காட்சியும் வெட்டாமலே படம் 4 சதவீதம் வேகமாக முடியும். 120 நிமிடத்தை 25-ஆல் வகுத்து 24-ஆல் பெருக்கினால் 115.2 நிமிடம், அதாவது அவருடைய ஃபைலின் நீளம் அப்படியே வருகிறது.

சிங்க்பிளே பார்ப்பது கடிகாரத்தை மட்டும். நால்வர் கடிகாரமும் 24-ஆவது நிமிடத்தைக் காட்டும்போது நாங்கள் கதையில் 24 நிமிடம் பார்த்திருப்போம், அவர் 25 நிமிடம் பார்த்திருப்பார். ஒரு மணி நேரத்தில் அவர் இரண்டரை நிமிடம் முன்னால். கடிகாரங்கள் ஒத்துப்போவதால் மென்பொருளுக்கு இதில் தப்பு எதுவும் தெரியாது.

இதைக் கண்டுபிடிப்பது சுலபம். எம்பிவியில் `i` அழுத்தினால் நொடிக்கு எத்தனை பிரேம் என்று காட்டும். விஎல்சியில் Ctrl+J. ஒருவருக்கு 23.976 அல்லது 24, இன்னொருவருக்கு 25 என்றால் அதுதான். பிளேயர் வேகத்தை மாற்றிச் சரிசெய்யலாமா என்று கேட்காதீர்கள். மாற்றினால் கடிகாரம் விலகும், சிங்க்பிளே உடனே இழுத்துப் பிடிக்கும். நால்வரும் ஒரே ஃபைலை இறக்குவதைத் தவிர வழி இல்லை. நாங்கள் அன்று படத்தை நிறுத்திவிட்டு, அவர் புதிதாக இறக்குகிற வரைக்கும் முக்கால் மணி நேரம் அரட்டை அடித்தோம்.

எங்களுக்கு வித்தியாசம் கூடலை, ஆனா ஆரம்பத்துலேர்ந்து கடைசி வரை ஒரே பத்து செகண்ட் இருக்கு. அதுவும் இதே பிரச்சினையா?

வேறு பிரச்சினை. ஒரு ஃபைலின் தொடக்கத்தில் கூடுதலாக ஒரு சின்னமோ அறிவிப்போ இருக்கிறது. இரண்டையும் பிரித்தறிய இரண்டு காட்சிகளைப் பாருங்கள், ஒன்று முதல் பத்து நிமிடத்தில், ஒன்று கடைசியில். இரண்டிலும் வித்தியாசம் ஒன்றே என்றால் இது. கூடியிருந்தால் முந்தின பதில்.

கூடுதலாக உள்ளவர் ffmpeg என்கிற இலவசக் கருவியை நிறுவி, கட்டளைச் சாளரத்தில் இதைக் கொடுத்துத் தொடக்கத்தை வெட்டலாம்:

```
ffmpeg -ss 10 -i padam.mkv -c copy padam2.mkv
```

ஒரு எச்சரிக்கை: மறுபடி சுருக்காமல் வெட்டுவதால், வெட்டு நீங்கள் சொன்ன நொடியில் விழாமல் அதற்கு முன்னால் முழுப் படமாகச் சேமிக்கப்பட்டிருக்கிற பிரேமில் விழலாம். சில நொடி பிசகும். வெட்டிய பிறகு ஒரு காட்சியை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு உட்காருங்கள்.

டொராண்டோ நேரம் எப்படி ஒத்து வருது? போன மாசம் சரியா இருந்தது, இப்ப ஒரு மணி நேரம் தள்ளிப் போச்சு.

அங்கே கோடையில் கடிகாரத்தை முன்னால் தள்ளுவார்கள், நவம்பரில் திருப்பி வைப்பார்கள். நமக்கு ஞாயிறு காலை 8.30 என்றால் கோடையில் அவருக்குச் சனி இரவு 11, குளிர்காலத்தில் 10. சிங்கப்பூரில் எப்போதும் ஞாயிறு காலை 11. எங்களுக்குள் இந்திய நேரத்தை மட்டும் சொல்லி வைத்துக்கொள்கிறோம், மாறுகிறவர் கணக்குப் போட்டுக்கொள்வார்.

ஒரே ஃபைல்தான், பிரேமும் ஒண்ணுதான். அப்பவும் அவங்க சிரிப்பு எனக்கு ஒரு நொடி முன்னாடி கேட்குதே?

இதற்கு ஒரு சோதனை இருக்கிறது. ஒருவர் படத்தை நிறுத்தட்டும். நால்வரும் திரையில் என்ன தெரிகிறது என்று சொல்லுங்கள். கதாபாத்திரத்தின் கை எங்கே இருக்கிறது என்கிற அளவுக்கு. நிறுத்தும்போது சிங்க்பிளே எல்லோரையும் ஒரே இடத்துக்குக் கொண்டுவர வேண்டும். எல்லோருக்கும் ஒரே காட்சி என்றால், ஓடும்போது மட்டும்தான் விலகல். அது ஒன்றரை நொடிக்குக் கீழே இருந்தால், மேலே சொன்ன அளவுப்படி மென்பொருள் தலையிடாது. ஒருமுறை நிறுத்தி மறுபடி ஓட்டினால் பெரும்பாலும் போய்விடும்.

போகாவிட்டால் உங்கள் பக்கத்து ஒலியைப் பாருங்கள். புளூடூத் ஹெட்போனும், டிவியின் பட மெருகேற்றும் வசதியும் உங்களுக்குப் படத்தைத் தாமதமாகத் தரும். நண்பரின் சிரிப்பு போன் வழியாக நேராக வந்துவிடும். அதனால் அவர் முந்துவது போல் தெரியும். கம்பி ஹெட்போன் போட்டு, டிவியை கேம் மோடில் வைத்துப் பாருங்கள். எனக்கு அன்று புளூடூத்தைக் கழற்றியதுமே அவர் சிரிப்பும் என் சிரிப்பும் ஒன்றாகக் கேட்டது.